டொனாத்தெல்லாவின் கல்யாணத்துக்கு நாலு வரி

ஒரு மணிச் சங்கு ஊதி முடிந்தும் கோமளா எழுந்திருக்கவில்லை. ஷூ கம்பெனியின் மாதிரிப் பிரிவில் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் ஷெட்டுக்குப் போய்விட்டார்கள், மின்விசிறிகளையும் யாரோ கடமையாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவளும் அவள் மேஜையும் ஒரு வெள்ளை அட்டையும் மட்டும் பாக்கி. ஒன்றரைக்குள் நாலு வரி எழுத வேண்டும். இத்தாலியன் பாஷையில். தோல் வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள், இந்த நாலு வரிக்குக் காலையிலிருந்து பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறாள். இன்றைக்கு டொனாத்தெல்லாவுக்குக் கல்யாணம். வருஷத்துக்கு மூன்று தடவை ஆம்பூருக்கு வந்து இதே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புது ஷூவுக்கு வடிவம் வரைகிற டொனாத்தெல்லா, நாற்பத்தொன்பது வயது டொனாத்தெல்லா, "எனக்கும் இந்த ஷூ அச்சுக் கட்டைக்கும்தான் கல்யாணம்" என்று சொல்லிச் சிரிக்கிற டொனாத்தெல்லா. அங்கே பதினொரு மணிக்கு, அதாவது இங்கே இரண்டரைக்கு. மாப்பிள்ளைத் தோழன் ஃபாபியோ என்று ஒருவர், வரும் வாழ்த்தையெல்லாம் சேர்த்து விருந்தில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கப்போகிறாராம், அது அந்த ஊர் வழக்கம். பத்து மணிக்குள் அனுப்புங்கள், அன்பாக இருக்கட்டும், நீளமாக வேண்டாம், சாப்பாடு ஆறிவிடும் என்று கம்பெனி போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய பத்து இங்கே ஒன்றரை. பிரிவு மேலாளர் இம்தியாஸ் சார் காலையில் மேஜைப் பக்கம் வந்து, "கோமளா, ஒன்றரை வரைக்கும் பாக்கறேன். நீ எழுதினா எழுது. இல்லைன்னா ஷைலஜா ரெடி பண்ணதை அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எழுதினா எழுது. அதென்ன பேச்சு, கொடுக்கிற மாதிரியும் இல்லை, மறுக்கிற மாதிரியும் இல்லை. ஆனால் கேட்டாரே, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளை எழுதச் சொல்லிக் கேட்டாரே, அதை நினைத்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

ஷைலஜா மேடம் எழுதியதை அவள் பார்த்துவிட்டாள். சென்னையிலிருந்து வந்து ஆர்டர் பிரிவைக் கவனிக்கிற பெண், நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, தமிழில் அடித்துப் போனிடம் கொடுத்தால் அது இத்தாலியனில் துப்பிவிடுகிறது. ஆனால் கொடுத்த தமிழ் எது? பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டுகிற பிளெக்ஸ் பேனர். மேலே நிறுவனர் பெயர், அடுத்து சேர்மன், அவர் தம்பி, பொது மேலாளர், அவருடைய படிப்பு, அப்புறம் பிரிவு பிரிவாக இருபத்திரண்டு பேர், இன்ஷியலோடு. யார் பெயரை விட்டாலும் பொல்லாப்பு, யார் பெயரை யாருக்குக் கீழே போட்டாலும் பொல்லாப்பு, நம் ஊரில் வாழ்த்து என்பதே பாதி இந்த வரிசைதானே. கோமளாவின் கல்யாணப் பத்திரிகையில்கூட மாமனாரின் ஒன்றுவிட்ட அண்ணன் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது என்று அவர் தாலி கட்டும் வரை மண்டப வாசலிலேயே நின்றார். பாவம் அந்த ஃபாபியோ, ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருக்க, வி. குப்பம் ஆர். தட்சிணாமூர்த்தி என்று எழுத்துக் கூட்டி வாசிப்பதை நினைத்துப் பார்த்தாள், தனியாகச் சிரித்தாள். அதுவாவது போகட்டும். அந்தக் காகிதத்தில் மாப்பிள்ளையே இல்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. மேடம் அவர்களுக்கு, மேடம் அவர்களின் மண வாழ்வு சிறக்க, என்று ஒரே மேடம். அங்கே இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், அன்புள்ள இவளே, அன்புள்ள இவரே என்று தனித்தனியாக, பிறகு வாழ்த்து முழுக்க உங்கள் இருவருக்கும் என்று போக வேண்டும். அவர் பெயர் சாண்ட்ரோ. லாரி ஓட்டுகிறவர். காது சரியாகக் கேட்காது. டொனாத்தெல்லா சொன்னதிலேயே கோமளாவுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், "நான் கத்துறதுக்குச் சரியான ஆள் கிடைச்சிட்டான்."

ஆனால் அவளிடம் இருக்கிற இத்தாலியன் எப்பேர்ப்பட்ட இத்தாலியன்? யாராவது வகுப்பு வைத்தா கற்றுக்கொடுத்தார்கள்? எல்லாம் திட்டு வாங்கிச் சேர்த்தது. முதலில் காதில் விழுந்த வார்த்தை ரிஃபாரே, திரும்பச் செய். இரண்டாவது பியானோ, மெதுவாக. மூன்றாவதை வெளியே சொல்ல முடியாது. அந்த முதல் வாரம் டொனாத்தெல்லா ஒரே வடிவத்தை ஏழு தடவை வெட்ட வைத்தாள், ஏழாவதையும் நாலாகக் கிழித்துப் போட்டாள், கோமளா கழிவறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்து எட்டாவதை வெட்டினாள். வார்த்தைகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தாள், திட்டுவது எதற்கென்று தெரிந்தால்தானே திருத்த முடியும். ஒருநாள் டொனாத்தெல்லா நோட்டை எடுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் தன் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள், அன்று சாயங்காலம் பொறுமையாக ஒரு மணி நேரம், கெட்ட வார்த்தையையும் சேர்த்து. அப்படி வந்தது எழுத்து. தோல், விளிம்பு, குதிகால், நாக்கு, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர், கோணல், சுருக்கம், வலிக்கும், வலிக்காது. பதினோரு வருஷம். இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஷூ தைக்கலாம், கப்பலேற்றலாம். ஒரு பெண்ணுக்குக் கல்யாண வாழ்த்து எப்படிச் சொல்வது? இனிமை, இல்லறம், மங்களம், இதெல்லாம் இத்தாலியனில் எந்தக் கடையில் விற்கிறதென்று அவளுக்கு என்ன தெரியும்? கிடக்கட்டும், அந்த இரண்டு மில்லிமீட்டர் ஞாபகம் வருகிறது, வந்தால் போகாது. நாலு வருஷத்துக்கு முன்னால் டொனாத்தெல்லா கொண்டுவந்த வடிவத்தில் தப்பு இருந்தது. நம் ஊர் ஆட்டுத்தோல் மழைக்காலத்தில் நெகிழும், இழுத்த பக்கமெல்லாம் வரும், அது அவளுக்குத் தெரியவில்லை. கோமளா கேட்காமலேயே கணுக்கால் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டித் தனியாக ஒரு ஜோடி செய்து மேஜையில் வைத்துவிட்டாள். டொனாத்தெல்லா இரண்டு ஜோடியையும் காலில் போட்டு நடந்தாள், திரும்பி நடந்தாள், பிறகு தன் வடிவத்தை எடுத்து அவளே நாலாகக் கிழித்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள், என்னை மரியாதை போட்டுக் கூப்பிடாதே, தூ என்று சொல். தூ என்றால் நீ. கோமளாவுக்கு வாயில் வரவில்லை, அதற்கப்புறம் மூன்று தடவை வந்தபோதும் நீயும் போடாமல் நீங்களும் போடாமல் கையைக் காட்டியே பேசினாள். ஷைலஜா மேடத்தின் காகிதத்தில் பெரிய மரியாதையாக எக்ரேஜா சின்யோரா என்று தொடங்குகிறது, பேங்க் மேனேஜருக்குக் கடன் மனு எழுதுகிற மாதிரி. கோமளா நீ என்று எழுதலாம். இந்தக் கம்பெனியில் அப்படி எழுத அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. சேர்மனுக்குக்கூட இல்லை.

சரி, தொடங்கு. காரா டொனாத்தெல்லா, காரோ சாண்ட்ரோ. அட்டையில் எழுதிவிட்டாள், வடிவத்துக்கு நம்பர் போடுகிற அதே கட்டம் கட்டமான பெரிய எழுத்தில். அடுத்தது அவுகூரி. போன் எழுதியதில் கொங்கிராத்துலாத்சியோனி என்று நீளமாக ஒன்று இருக்கிறது, அது தப்பு என்று சொல்ல முடியாது, இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், ஆனாலும் டொனாத்தெல்லா கல்யாணத்துக்கு அதைச் சொல்கிறவள் இல்லை. ஜெர்மனிக்காரன் மாதிரியை ஒத்துக்கொண்ட அன்று அந்த வார்த்தையைச் சொன்னாள், கோமளாவின் மகன் பத்தாவது பாஸ் செய்தபோது சொன்னாள். அது முடிந்த காரியத்துக்கு, ஜெயித்ததற்கு. கல்யாணத்துக்கு அவுகூரிதான், இனிமேல் நடக்கப்போவது நல்லபடி நடக்கட்டும் என்று. பெண் பிள்ளைக்குப் போய்ப் பாராட்டுச் சொன்னால் எப்படியோ ஒருத்தனைப் பிடித்துவிட்டாய் என்று சொல்வதுபோல ஆகும் என்று டொனாத்தெல்லாவின் அம்மா சொல்வாளாம். எவ்வளவு விவரமான பேச்சு. அவர்களுக்கும் நமக்கும் என்ன பெரிய வித்தியாசம், செவ்வாய்க்கிழமை அவர்களும் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் வெள்ளிக்கிழமையும் ஆகாதாம், அதைக் கேட்டுப் பக்கத்து மேஜை ஜுபைதா அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். நாம் பதினாறு பேறு கேட்கிறோம். அவர்கள் சர்க்கரைப் பாகு பூசிய பாதாம் ஐந்தைத் துணியில் முடிந்து கொடுக்கிறார்கள், ஆரோக்கியம், செல்வம், சந்தோஷம், பிள்ளை, ஆயுள். ஐந்தே ஐந்து, எண்ணி வைத்தாற்போல. சில பேர் ஆண் பிள்ளை பிறக்கட்டும் என்று சேர்த்துச் சொல்வார்களாம் பழைய வழக்கத்தில். அது வேண்டாம், இப்போது அங்கேயும் முகம் சுளிப்பார்கள், தவிர நாற்பத்தொன்பதில் போய் அவளுக்கு அதைச் சொல்வது குத்திக்காட்டுவது. அப்படியானால் எதைச் சொல்வது? மணி ஒன்று பத்து. எல்லாரும் எழுதுவதையே எழுதினால் ஃபாபியோ வாசிப்பார், கை தட்டுவார்கள், அடுத்ததை வாசிப்பார். அந்த ஊர் முழுக்கச் செருப்புத் தைக்கிற ஊர், விருந்தில் உட்கார்ந்திருக்கிற எண்பது பேரில் அறுபது பேர் வெட்டுகிறவர், தைக்கிறவர், ஒட்டுகிறவர். அதில் டொனாத்தெல்லாவின் அண்ணனும் இருப்பான், இந்தியாவில் சல்லிசாக வேண்டுமானால் செய்வார்கள், நன்றாகச் செய்யமாட்டார்கள் என்று ஸ்பீக்கர் போனில் சொன்னவன், கோமளா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னவன், அவளுக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னவன். புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. டொனாத்தெல்லா அவனுக்குக் கொடுத்த பதிலும் புரிந்தது, அதில் அந்த மூன்றாவது வார்த்தை இருந்தது.

கை சும்மா இருக்காமல் மேஜையில் கிடந்த இரண்டு தோல் துண்டுகளை எடுத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. காலையில் இழைத்து வைத்தவை. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது அப்படியே வைத்துத் தைத்தால் சேருகிற இடம் மேடாகிவிடும், நடக்க நடக்கக் காலைக் கடிக்கும், கடைசியில் அந்த இடத்தில்தான் கிழியும். அதனால் இதன் ஓரத்தைக் கொஞ்சம் இழைக்க வேண்டும், அதன் ஓரத்தையும் கொஞ்சம் இழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இழைத்தால் அது வலுவிழந்துபோகும். ஸ்கார்னீரே என்பார்கள். எத்தனை ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை, ரெண்டு பக்கமும், கோமளா, ரெண்டு பக்கமும். கோமளா கையை நிறுத்தினாள். கல்யாணம் வேறு என்னதான்? பூபாலனோடு பத்தொன்பது வருஷம், முதல் ஆறு வருஷம் அவள் ஓரத்தை மட்டுமே இழைத்துக்கொண்டிருந்தார்கள், மாமியாரும் அவனுமாக. பிறகு ஒருநாள் அவனே காலையில் எழுந்து இரண்டு பேருக்கும் டப்பா கட்ட ஆரம்பித்தான், இன்றைக்கும் கட்டினான், புளிச்சோறும் உருளைக்கிழங்கும், அது அங்கே ஆறிக்கொண்டிருக்கிறது. அவளிடம் வார்த்தை இல்லையென்று யார் சொன்னது? இந்தத் திட்டுகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது அத்தனையும். விறுவிறுவென்று எழுதினாள். ஒரே மூச்சு. எழுதி நிமிர்ந்ததும் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கல்யாண வாழ்த்தில் செருப்பா? யாராவது மங்கள காரியத்தில் அந்தப் பேச்சை எடுப்பார்களா? வாசலுக்கு வெளியே கழற்றிப் போடுவது, கோபம் வந்தால் எடுத்துக் காட்டுவது. அவளைப் பெண் பார்க்க வந்தபோது, இங்கே சேருவதற்கு முன்னால் அவள் இருந்த கம்பெனியைத் தரகர் எக்ஸ்போர்ட் கம்பெனி என்று சொன்னார், எதை எக்ஸ்போர்ட் செய்கிறது என்று சொல்லவில்லை. முந்தின நாளே அம்மா எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கொடுத்தாள், கையில் தேய்த்துக்கோடி, தோல் வாசனை போகட்டும். தேய்த்தாள், விரல் இடுக்கெல்லாம் எரிய எரியத் தேய்த்தாள். கையை மடியில் மறைத்து வைத்துக்கொண்டுதான் நமஸ்காரம் பண்ணினாள். இந்தக் கையை. ஐந்து நாட்டில் இந்தக் கை வெட்டியதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எதற்காக மறைத்தாள்? அந்தப் பெண் அங்கே வெள்ளைக் கவுனில் உட்கார்ந்து தன் வேலையை வாழ்த்தில் கேட்டால் வெட்கப்படுவாளா? மாட்டாள். தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்ப்பாள். அது கோமளாவுக்குத் தெரியும், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தெரியும். நமக்குத்தான் அது பழக்கமில்லை. கிழித்துப் போட அட்டையை எடுத்தவள் திரும்ப வைத்தாள். அட்டையைத் தூரத்தில் பிடித்து ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள்.

Cara Donatella, caro Sandro,
tanti auguri di cuore da tutti noi del reparto campioni!
Donatella, da te ho imparato che per unire bene due pezzi bisogna scarnire un po' tutti e due i bordi: così la cucitura non fa male a nessuno.
Vi auguro una vita comoda come una scarpa fatta bene, e tanta strada insieme.
Viva gli sposi!
Un abbraccio,

கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தாள். இருபத்திரண்டு பெயரும் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? மாதிரிப் பிரிவில் நாங்கள் எல்லாரும் என்று இரண்டாம் வரியிலேயே இருக்கிறது, யாரையும் விடவில்லை, யாரையும் யாருக்கும் கீழேயும் போடவில்லை. ஃபாபியோ அரை நிமிஷத்தில் வாசித்துவிடுவார். விவா லி ஸ்போசி என்று முடித்ததும் மண்டபமே திருப்பிக் கத்தும், மணமக்கள் வாழ்க என்று, அதுவும் அவர்கள் வழக்கம், அதற்கென்றே அதைக் கடைசியில் வைத்தாள். சாண்ட்ரோவுக்கும் அது கேட்கும். பேனாவை எடுத்துப் பெயரை எழுதினாள். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள். சம்பளச் சீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கட்டர், இரண்டாம் நிலை என்று போட்டிருக்கிறது, அடையாள அட்டையிலும் அதுதான், பதினோரு வருஷமாக அதுதான். கை கொஞ்ச நேரம் அட்டைக்கு மேலேயே நின்றது. பிறகு பெயருக்கு அடியில் இன்னொரு வார்த்தையும் ஊர்ப் பெயரும் எழுதிவிட்டு, மை காய்கிறதா என்று ஊதினாள்.

இம்தியாஸ் சார் ஒன்று இருபத்தைந்துக்கு வந்தார், பின்னால் போனோடு ஷைலஜா. "இன்னாம்மா, ஆச்சா?" என்றார். கோமளா அட்டையை நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்தார், "இதுல இன்னா எழுதிக்கீற, தமிழ்ல சொல்லு" என்றார். அவள் வரி வரியாக விரல் வைத்துச் சொன்னாள். "அன்புள்ள டொனாத்தெல்லா, அன்புள்ள சாண்ட்ரோ, மாதிரிப் பிரிவுல எங்க எல்லாரோட மனசு நிறைஞ்ச வாழ்த்து. டொனாத்தெல்லா, ரெண்டு துண்டு நல்லா சேரணும்னா ரெண்டோட ஓரத்தையும் கொஞ்சம் இழைக்கணும், அப்போதான் தையல் யாரையும் உறுத்தாதுன்னு உன்கிட்டதான் கத்துக்கிட்டேன். நல்லா செஞ்ச செருப்பு மாதிரி உங்க வாழ்க்கை சுகமா இருக்கட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து ரொம்ப தூரம் நடங்க. மணமக்கள் வாழ்க." சார் முகத்தைச் சுளித்தார். "கல்யாணத்துல போய்ச் செருப்பாம்மா? நல்ல நாள் அதுவுமா?" கோமளா சொன்னாள், "நாம செருப்புதானே சார் செய்யறோம். அவங்களும் அதான் செய்யறாங்க. அந்த மண்டபத்துல இருக்கறவங்க எல்லாரும் அதான் செய்யறாங்க. நமக்கு மட்டும் சொல்ல வெக்கமா இருந்தா எப்படி சார்?" சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஷைலஜா போனை அட்டைக்கு மேலே காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இந்த ஸ்கார்னீரேங்கறது மட்டும் போனுக்குச் சரியா வரலை. சதையை எடுக்கறதுன்னு சொல்லுது" என்றாள், பிறகு தன் காகிதத்தைப் பார்த்தாள், மடித்தாள், "சார், இதையே அனுப்பிடலாம்" என்றாள். அந்த வார்த்தை போனுக்குத் தெரியவில்லை. கோமளாவுக்குள் ஒன்று எழுந்து நின்றது, அதற்குப் பெருமை என்று பெயர், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

சார் அட்டையை மேஜையில் பரப்பிப் போட்டோ எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் நின்றார். கடைசி வரியில் விரலை வைத்தார். "உன் பேர் தெரியுது, ஊர் தெரியுது. நடுவுல இருக்கறது இன்னா?"

"மொதெல்லிஸ்தா சார்."

"அப்படின்னா?"

"வடிவம் செய்யறவங்க. டொனாத்தெல்லா அவங்க பேருக்குக் கீழ போடறது."

கேண்டீன் ஷெட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. சார் அவள் முகத்தைப் பார்த்தார், சுவரில் வரிசையாகத் தொங்குகிற நூற்றுக்கணக்கான அட்டை வடிவங்களைப் பார்த்தார், அத்தனையும் அவள் வெட்டியவை, ஒவ்வொன்றிலும் அவள் கட்டமான கையெழுத்து. இந்த வார்த்தையை எண்பது பேருக்கு முன்னால் வாசிக்கப்போகிறார்கள் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் விரல் அந்த வரியின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

"விரலை எடுங்க சார்," என்றாள் கோமளா, "போட்டோவுல மறைக்குது."

அவர் எடுத்தார்.